உரைநடை ஸ்கிரிப்டை எடிட்டருக்காக இரண்டு பத்தியாகப் பிரிப்பது: எந்த அளவில் வெட்டுவது, எதில் செய்வது

ஆவணப்படத்துக்கோ விளக்கக் காணொளிக்கோ எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கட்டுரை மாதிரிதான் எழுதுகிறோம். பாரா பாராவாக எழுதினால்தான் வாதம் ஒழுங்காக வருகிறது. ஆனால் அதை அப்படியே எடிட்டரிடம் கொடுத்தால் அவரால் வேலையைத் தொடங்க முடியாது. அவர் முன்னால் உள்ள டைம்லைனில் ஒலிக்குத் தனி டிராக், படத்துக்குத் தனி டிராக். ஒவ்வொரு நொடியிலும் காதில் என்ன விழுகிறது, கண்ணில் என்ன படுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் அவருக்குப் பதில் வேண்டும். அதற்காகத்தான் ஒரு பத்தியில் ஒலி, பக்கத்துப் பத்தியில் காட்சி என்று ஸ்கிரிப்டை ஓர் அட்டவணையாக மாற்றித் தருகிறோம்.

இதைச் செய்யும்போது இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, ஒரு வரிசைக்குள் எவ்வளவு போக வேண்டும் என்பது: ஒரு பாராவா, ஒரு வாக்கியமா, வேறு ஏதாவதா. இன்னொன்று, எந்தக் கருவியில் செய்வது என்பது. எல்லோரும் இரண்டாவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் பார்வையில் முதலாவதுதான் படத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. கருவியைத் தவறாகத் தேர்ந்தால் நேரம்தான் வீணாகும், வரிசையைத் தவறாக வெட்டினால் படமே தவறான தகவலைச் சொல்லிவிடும். இது மிகையில்லை, கீழே உள்ள உதாரணத்தில் பாருங்கள்.

பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிய ஒரு சிறிய ஆவணப்படம் என்று வைத்துக்கொள்வோம். உரைநடை ஸ்கிரிப்டில் ஒரு பாரா இப்படி இருக்கிறது:

> 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பயணிகள் ரயிலை விழுங்கிய புயல், பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவற்றைக் கடலுக்குள் தள்ளிய பிறகும், கப்பல்களுக்காகத் திறக்கும் நடுப்பகுதியை விட்டுவைத்தது. அந்தப் பாலத்தை 46 நாளில் மீண்டும் ரயில் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்த பணியை நடத்தியவர், பின்னாளில் கொங்கண் ரயில்வேயிலும் டெல்லி மெட்ரோவிலும் பெயர் பெற்ற இ. ஸ்ரீதரன். இன்று அதன் அருகிலேயே நிற்கும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழையது இரண்டு இறக்கைகளாக மேலே விரியும்படி கட்டப்பட்டது, புதியதில் நடுப்பகுதி முழுவதும் நேராக மேலே எழும்பும்.

படிக்க நன்றாகவே இருக்கிறது, தகவலிலும் பிழை இல்லை. இனி இதை வெட்டுவோம்.

பாராவுக்கு ஒரு வரிசை

இதுதான் மிகச் சுலபமான வழி. இடது கட்டத்தில் முழு பாரா, வலது கட்டத்தில் "பாம்பன் பாலம், புயல் காட்சிகள், ஸ்ரீதரன் புகைப்படம், புதிய பாலம் டிரோன்" என்று ஒரு பட்டியல். பத்து நிமிடத்தில் முழு ஸ்கிரிப்டும் இரண்டு பத்தியாகிவிடும்.

இதில் என்ன சிக்கல் என்றால், அந்தப் பட்டியலில் எது எந்தச் சொல்லுக்கு மேல் விழ வேண்டும் என்பது எங்கேயும் சொல்லப்படவில்லை. எடிட்டர் ஊகிக்க வேண்டும். பாராவின் முதல் வாக்கியத்தைக் கேட்கிறார்: ரயில், புயல், பாலம், கடல். நான்கும் ஒரே மூச்சில் வருகின்றன. ரயில் பாலத்திலிருந்து கடலுக்குள் விழுவது போல ஒரு அனிமேஷனை அவர் கேட்டு வாங்கினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது, காதில் விழுவது அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. பாம்பன் ரயில் நிலையம் தீவின் மேல் இருக்கிறது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற ரயில் பாலத்தைக் கடப்பதே இல்லை. அது அடித்துச் செல்லப்பட்டது தனுஷ்கோடிக்கு அருகில். பாலம் உடைந்தது அதே புயலில், வேறு இடத்தில். எழுதியவருக்கு இது தெரியும். பாராவாகக் கொடுத்ததில் அந்தத் தெளிவு எடிட்டர் மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்த ஆபத்து கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. பாம்பனில் கட்டிய ரயில் பாலங்கள் இரண்டு: 1914இல் திறந்த பழையது, 2025இல் திறந்த புதியது. பக்கத்திலேயே 1988இல் திறந்த சாலைப் பாலமும் இருக்கிறது. "பாம்பன் பாலம்" என்று தேடினால் கிடைக்கும் ஃபுட்டேஜில் மூன்றும் கலந்து வரும். சாலைப் பாலத்தின் மேலிருந்துதான் பலரும் படம் எடுக்கிறார்கள் என்பதால் ஒரே ஷாட்டில் இரண்டு பாலங்கள் தெரிவதும் சகஜம். வலது கட்டத்தில் வெறுமனே "பாம்பன் பாலம்" என்று எழுதுவது எடிட்டருக்கு எதையும் சொல்வதில்லை.

பாரா அளவு வரிசை ஒரே ஒரு கட்டத்தில் பயன்படும். இயக்குநரோடு உட்கார்ந்து படத்தின் மொத்த ஓட்டத்தைப் பார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு வரிசைகளில் முழுப் படமும் கண்ணுக்குத் தெரிவது உதவியாக இருக்கும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

வாக்கியத்துக்கு ஒரு வரிசை

பலரும் அடுத்து இதற்குத்தான் வருகிறார்கள். முற்றுப்புள்ளி வரும் இடத்தில் வெட்டு என்பது தெளிவான விதி. யார் வேண்டுமானாலும் செய்யலாம், உதவியாளரிடமும் கொடுக்கலாம்.

ஆனால் தமிழ் உரைநடையில் முற்றுப்புள்ளி நல்ல வழிகாட்டி இல்லை. பெயரெச்சமும் வினையெச்சமும் சேர்த்து நாம் எழுதும் வாக்கியத்தில் மூன்று நான்கு நிகழ்ச்சிகள் அடுக்காக உட்கார்ந்துகொள்கின்றன. மேலே உள்ள முதல் வாக்கியத்தையே பாருங்கள்: ரயில் கிளம்பியது, புயல் அதை விழுங்கியது, கர்டர்கள் விழுந்தன, நடுப்பகுதி தப்பியது. முற்றுப்புள்ளி ஒன்றுதான், படங்கள் நான்கு. இரண்டாவது வாக்கியத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே கடைசிச் சொல்லில்தான் வருகிறது. பெயர் வருவதற்கு முன்னால் பத்து நொடிக்கு மேல் ஓடிவிடும். அந்தப் பத்து நொடியில் அவர் முகத்தைக் காட்டினால் யார் என்று பார்வையாளருக்குத் தெரியாது, காட்டாவிட்டால் பெயர் வந்த மறுகணம் வாக்கியம் முடிந்து படம் மாற வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் வரும். "அது போய்ச் சேரவில்லை", "யாரும் எதிர்பார்க்கவில்லை" மாதிரிச் சின்ன வாக்கியங்களுக்குத் தனி வரிசை கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எழுதுகிறவருக்கு வந்துவிடுகிறது. விளைவு, இரண்டு நொடிக்கு ஒரு ஷாட் என்று கேட்கிற ஸ்கிரிப்ட். அவ்வளவு ஃபுட்டேஜ் யாரிடமும் இருக்காது.

ஒரு படக் கருத்துக்கு ஒரு வரிசை

நான் பரிந்துரைப்பது இதைத்தான். திரையில் எதைப் பார்க்கிறோம் என்ற பதில் மாறும் இடத்தில் புது வரிசை தொடங்க வேண்டும். ஒரு வரிசைக்குள் ஒரு வாக்கியமும் இருக்கலாம், மூன்று வாக்கியமும் இருக்கலாம். இடமும் காலமும் ஆளும் மாறாத வரை ஒரே வரிசை. இவற்றில் ஒன்று மாறினாலும் அடுத்த வரிசை.

இதற்கு ஒரு விலை உண்டு. வெட்டுவதற்கு முன்னால் வாக்கியங்களை உடைத்து எழுத வேண்டும். நீண்ட வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் புள்ளி புள்ளி வைத்து இரண்டு வரிசையாக்குவதைச் சிலர் செய்கிறார்கள். அது குரல் கொடுப்பவருக்குப் பெரிய இடைஞ்சல். கட்டத்தின் விளிம்பில் அவர் தொனி தானாகவே இறங்கிவிடும், பிறகு அடுத்த கட்டத்தில் எச்சத்திலிருந்து தொடர வேண்டும். ஒட்டிக் கேட்டால் வாக்கியம் உடைந்தது தெரியும். அதனால் உடைப்பதை எழுத்திலேயே செய்துவிடுவது நல்லது. பாம்பன் பாரா இப்படி மாறுகிறது:

| எண் | ஒலி | காட்சி |
|---|---|---|
| 12 | குரல்: 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பன் நிலையத்திலிருந்து ஒரு பயணிகள் ரயில் தனுஷ்கோடிக்குக் கிளம்பியது. | வரைபடம்: தீவின் மேல் பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிக் கோடு நகர்கிறது. கட்டாயம்: கோடு பாலத்தைத் தொடக்கூடாது. திரை எழுத்து: 22 டிசம்பர் 1964 |
| 13 | குரல்: அது போய்ச் சேரவில்லை. பிறகு 4 நொடி குரல் இல்லை, காற்றும் அலையும் மட்டும். | கோடு தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் நிற்கிறது. பிறகு இன்றைய தனுஷ்கோடி, இடிந்த தேவாலயம். திரை எழுத்து: தனுஷ்கோடி, இன்று. கட்டாயம்: வேறு புயலின் ஃபுட்டேஜ் வேண்டாம். |
| 14 | குரல்: அதே புயல் பாம்பன் பாலத்தையும் தாக்கியது. கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. கப்பல்களுக்காகத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. | கிராஃபிக்ஸ்: பழைய பாலம் பக்கவாட்டில். கர்டர்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன, நடுப்பகுதி நிற்கிறது. பழைய புகைப்படத்துக்கு அனுமதி கிடைத்தால் அதில் தொடங்கலாம். |
| 15 | குரல்: பாலத்தைச் சீரமைக்கும் பணி இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. 46 நாளில் பாலத்தில் மறுபடி ரயில் ஓடியது. | ஸ்ரீதரன் புகைப்படம், பெயர் ஒலிக்கும்போது. பிறகு 14இன் கிராஃபிக்ஸ் தலைகீழாக: கர்டர்கள் வந்து பொருந்துகின்றன. |
| 16 | குரல்: பழைய பாலம் இரண்டு இறக்கைகளாக மேலே விரியும்படி கட்டப்பட்டது. | 1914 ரயில் பாலம், நடுப்பகுதி திறக்கும் ஷாட். கட்டாயம்: சாலைப் பாலம் முன்னால் தெரியும் ஷாட் வேண்டாம். |
| 17 | குரல்: அருகில் நிற்கும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதில் நடுப்பகுதி முழுவதும் நேராக மேலே எழும்பும். | புதிய ரயில் பாலம், நடுப்பகுதி எழும்பும் டிரோன் ஷாட். திரை எழுத்து: 2025 |

ரயிலும் பாலமும் இப்போது வேறு வேறு வரிசையில் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவில் நான்கு நொடி மௌனமும் இருக்கிறது. எடிட்டர் இனி அவற்றைக் குழப்ப வழியில்லை. கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ இரண்டையும் எடுத்துவிட்டேன். அவற்றை வைத்தால் இரண்டு புதிய படங்கள் வேண்டும், அவை இந்தக் கதையிலிருந்து பார்வையாளரை வெளியே இழுத்துவிடும். உரைநடையில் கண்ணை உறுத்தாத இப்படிப்பட்ட பின்னிணைப்புகள் காட்சிப் பக்கத்தை நிரப்ப உட்காரும்போதுதான் வெளிச்சத்துக்கு வருகின்றன.

"கட்டாயம்" என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். காட்சிப் பக்கத்தில் எழுதுவதெல்லாம் உத்தரவாக இருந்தால் நல்ல எடிட்டர் சோர்ந்துபோவார். எல்லாமே யோசனையாக இருந்தால் தகவல் பிழைகள் உள்ளே வரும். மாற்றக்கூடாததற்கு மட்டும் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு மீதியை அவர் கைக்கு விட்டுவிடலாம். காட்சிக் கட்டம் காலியாக இருந்தாலும் இதே மாதிரிக் குழப்பம் வரும்: முந்தைய ஷாட் தொடர்கிறதா, எழுத மறந்தார்களா? "மேலே உள்ளதே தொடர்கிறது" என்று எழுதிவிட்டால் ஒரு தொலைபேசி அழைப்பு மிச்சம்.

எந்தப் பத்தி இடப்பக்கம் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. விளம்பரப் படங்களில் காட்சி இடப்பக்கம், ஒலி வலப்பக்கம் என்பது பழகிப்போன முறை. உரைநடையிலிருந்து மாற்றும் படங்களில் எடிட்டர் முதலில் குரலையும் பேட்டியையும் அடுக்கிவிட்டுத்தான் படத்துக்கு வருகிறார் என்பதால் ஒலியை இடப்பக்கம் வைப்பது எனக்குப் பிடிக்கும். எடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

இனி கருவி: டாக்ஸ் அல்லது வேர்டில் ஒரு அட்டவணை

தனியாக எழுதுகிற படம், குரல் ஒன்று, பேட்டி ஒன்றிரண்டு, நீளம் பத்து நிமிடத்துக்குள் என்றால் இதுவே போதும். பெரிய காரணம், திருத்தம். இயக்குநர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் பரிந்துரையாக உள்ளே எழுதலாம், ஏற்கலாம், மறுக்கலாம், யார் என்ன மாற்றினார் என்பது சொல் சொல்லாகத் தெரியும். ஸ்கிரிப்ட் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கும் வரை இந்த வசதிக்கு ஈடு எதுவும் இல்லை.

வேர்டில் ஒவ்வொரு பாராவையும் கையால் கட்டத்துக்குள் ஒட்டத் தேவையில்லை. முதலில் உரைநடையில் எங்கெங்கே வரிசை முடிய வேண்டுமோ அங்கெல்லாம் Enter தட்டுங்கள். நடுவில் காலி வரிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்துகொண்டு Insert, Table, Convert Text to Table போய், Paragraphs என்பதைத் தேர்ந்து, பத்தி எண்ணிக்கை 1 என்று கொடுத்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு வரிசையாக வந்து நிற்கும். வலப்பக்கம் ஒரு பத்தியைச் சேர்த்துக் காட்சியை எழுதத் தொடங்கலாம். கூகுள் டாக்ஸில் வேலை செய்கிறவர்கள் துண்டு துண்டாக உடைத்த உரையைப் பிரதி எடுத்து ஷீட்ஸில் ஒரு கட்டத்தைத் தேர்ந்து ஒட்டினால் ஒவ்வொரு துண்டும் தனி வரிசையில் விழும். அந்த வரிசைகளைத் திரும்ப டாக்ஸில் ஒட்டினால் அட்டவணையாகவே வரும். இணைப்போடு ஒட்டவா என்று கேட்டால் இணைப்பு இல்லாமல் என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பக்கத்தின் கடைசியில் ஒரு வரிசை பாதியில் உடைந்து அடுத்த பக்கத்துக்குப் போவதுதான் இதில் வழக்கமாக வரும் தொல்லை. குரல் பதிவுக்கு அச்சிட்டுக் கொடுத்தால், பாதி வரியில் தாள் புரட்டும் சத்தமும் ஒலிவாங்கியில் பதியும். வேர்டில் Allow row to break across pages என்ற குறியை எடுத்துவிட்டால் வரிசை முழுதாக நகரும். டாக்ஸிலும் அட்டவணை அமைப்புக்குள் இதே வசதி இருக்கிறது.

ஷீட்ஸ்

பேட்டிகள் ஐந்தாறு, ஆர்க்கைவ் புகைப்படங்கள், அனுமதி வாங்க வேண்டிய காட்சிகள், கிராஃபிக்ஸுக்குத் தனி ஆள் என்று படம் விரிந்தால் நான் தயங்காமல் ஷீட்ஸுக்குப் போவேன். ஒலி, காட்சி என்ற இரண்டு பத்திக்கு அப்பால் "எங்கிருந்து", "நிலை" என்று இரண்டு பத்திகள் சேர்த்தால் போதும். கிராஃபிக்ஸ் செய்பவர் தன் வேலையை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். அனுமதி வராத காட்சிகள் எத்தனை என்று ஒரே பார்வையில் தெரியும். பத்திகளை இதற்கு மேல் கூட்ட வேண்டாம். எட்டுப் பத்தி ஆனால் ஒலிக் கட்டம் சுருங்கி, நான்கு வரி குரல் பன்னிரண்டு வரியாக மடிந்து நிற்கும், யாரும் படிக்க மாட்டார்கள்.

திருத்தத்தில் ஷீட்ஸ் பலவீனமானது. கருத்து எழுதலாம், கட்டத்தின் பழைய வடிவத்தைப் பார்க்கலாம், ஆனால் டாக்ஸ் போலச் சொல் அளவில் பரிந்துரை வைக்க முடியாது. அதனால் எழுத்து முடிவான பிறகுதான் இங்கே கொண்டுவர வேண்டும்.

நேரக் கணக்குப் போட ஷீட்ஸ் நல்லது, ஆனால் அதைக் கண்ணை மூடி நம்பக்கூடாது. ஒலிக் கட்டத்தில் உள்ள சொற்களை எண்ண இந்தச் சூத்திரம் வேலை செய்யும்:

```
=IF(B2="",0,COUNTA(SPLIT(SUBSTITUTE(B2,CHAR(10)," ")," ")))
```

குரல் கொடுப்பவரை ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, நிமிடத்துக்கு எத்தனை சொல் வருகிறது என்று அளந்து, அதால் வகுக்க வேண்டும். ஆங்கில வழிகாட்டிகளில் வரும் நிமிடத்துக்கு 150 சொல் என்ற கணக்கைத் தமிழுக்கு எடுத்துக்கொண்டால் படம் நீண்டுவிடும், நம் சொற்கள் அவற்றைவிட நீளம். எழுத்துகளை எண்ணிப் பார்க்கலாம் என்றால் அதுவும் சரிவராது. "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு LEN 5 என்று சொல்லும், இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால். எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது எண்கள். 12ஆம் வரிசையில் "1964 டிசம்பர் 22 இரவு" என்பது சூத்திரத்துக்கு நான்கு சொல். வாயால் படித்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு, டிசம்பர், இருபத்து இரண்டு, இரவு என்று எட்டு. ஆண்டும் தொகையும் நிறைய வரும் வரிசைகளில் கணக்கு எப்போதும் குறைவாகவே காட்டும். அந்த வரிசைகளை மட்டும் வாய்விட்டுப் படித்து அளந்துகொள்ளுங்கள். எண்களை எழுத்தில் எழுதிவிடுவது இன்னும் நல்லது, குரல் கொடுப்பவருக்கும் தடுமாற்றம் இருக்காது.

பேட்டி வரிசைகள்தான் ஷீட்ஸுக்குப் போவதற்கு உண்மையான காரணம். உரைநடையில் நாம் "ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அந்த நாட்களை நினைவுகூர்கிறார்" என்று எழுதி, அவர் சொன்னதைச் சுருக்கி வைத்திருப்போம். இரண்டு பத்தியில் அதற்கு இடமில்லை. அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அப்படியே வேண்டும், குறைந்தது முதல் நான்கைந்து சொல்லும் கடைசி நான்கைந்து சொல்லும். கூடவே கோப்பின் பெயரும் நேரக் குறியும். நேரக் குறியில் அடிக்கடி தகராறு வரும். எழுதுகிறவர் மடிக்கணினியில் சாதாரண பிளேயரில் கேட்டு 00:12:40 என்று குறிப்பார், அது கோப்பின் தொடக்கத்திலிருந்து கணக்கு. எடிட்டர் மென்பொருளிலோ கேமரா பதிந்த நேரக் குறி வரும், படம் எடுத்த நேரமான 14:22:10:05 மாதிரி. உங்கள் குறிகள் எல்லாம் 00இல் தொடங்கி, எடிட்டர் திரையில் 14 என்று வந்தால் இரண்டும் வேறு கணக்கு என்று புரிந்துகொள்ளலாம். பத்தித் தலைப்பிலேயே "கோப்பின் தொடக்கத்திலிருந்து" என்று எழுதிவைத்தால் அவர் கூட்டிப் பார்த்துக்கொள்வார். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் இருந்தால் நேரக் குறி தவறினாலும் பேச்சைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று: நேரக் குறிப் பத்தியைத் தொடங்கும்போதே Format, Number, Plain text என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 1 நிமிடம் 12 நொடி என்று நினைத்து நீங்கள் எழுதும் 1:12ஐ ஷீட்ஸ் ஒரு மணி பன்னிரண்டு நிமிடமாக எடுத்துக்கொள்ளும். அட்டவணையை CSV ஆக இறக்கி எக்ஸெலில் திறந்தால் தமிழ் முழுக்கக் கிறுக்கலாகத் தெரிவதும் உண்டு. கோப்பு கெட்டுப்போகவில்லை, குறியாக்கத்தை எக்ஸெல் தவறாக ஊகிக்கிறது. CSVக்குப் பதில் XLSX ஆக இறக்கினால் இந்தப் பிரச்சினையே வராது.

இதற்கென்றே உள்ள மென்பொருள்

செல்டெக்ஸ், ஸ்டூடியோபைண்டர் மாதிரியானவற்றில் இரண்டு பத்தி ஸ்கிரிப்டுக்குத் தயார் வடிவம் இருக்கிறது. ஷாட் பட்டியல், படப்பிடிப்பு அட்டவணை எல்லாம் ஸ்கிரிப்டோடு இணைந்திருக்கும். இனிமேல்தான் படம் எடுக்கப் போகிறோம், ஒரு விளம்பரம் அல்லது திட்டமிட்ட குறும்படம் என்றால் இதற்கு மதிப்பு உண்டு. நம் உதாரணத்தில் பேட்டி எடுத்தாகிவிட்டது, ஃபுட்டேஜ் பாதி இருக்கிறது, தேவை எடிட்டருக்கு ஒரு தெளிவான தாள். அதற்காக எடிட்டரையும் கிராஃபிக்ஸ் ஆளையும் இயக்குநரையும் ஒரு புதிய கணக்குத் தொடங்க வைப்பது தேவையில்லாத வேலை. எங்கே வெட்டுவது என்ற முடிவையும் அது உங்களுக்காக எடுத்துத் தராது. குழு ஏற்கெனவே அதில் வேலை செய்கிறது என்றால் மட்டும் போங்கள். அப்போதும் ஒரு பக்கத்தை PDF ஆக்கி, கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு மீதியை எழுதுங்கள்.

தமிழ் எழுத்து எடிட்டர் பக்கமும் தகராறு செய்யும். திரை எழுத்துகளை அவர் நம் அட்டவணையிலிருந்தே பிரதி எடுத்து ஒட்டுவார், அதனால் பெயர்களும் ஊர்களும் திரையில் எப்படி வர வேண்டுமோ அப்படியே யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்த ஸ்கிரிப்ட் என்றால் முதல் வேலையே அதை யூனிகோடுக்கு மாற்றுவதுதான். யூனிகோடில் கொடுத்தும் பிரீமியரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அமைப்பில் Graphics பகுதிக்குள் South Asian and Middle Eastern என்பதைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

என் தேர்வு

பாம்பன் படத்துக்கு நான் இப்படிச் செய்வேன். வாக்கியங்களை உடைத்து, படக் கருத்து அளவில் வெட்டி, டாக்ஸில் அட்டவணையாக வைத்து இயக்குநரோடு எழுத்தை முடிப்பேன். குரல் பதிவுக்கு முந்தைய நாள் அதை ஷீட்ஸுக்கு மாற்றி, வரிசை எண்களைக் கையால் தட்டச்சு செய்து பூட்டிவிடுவேன். தானாக ஓடும் எண்கள் வேண்டாம். நடுவில் ஒரு வரிசை நுழைந்தால் அதற்குப் பிறகு உள்ள எல்லா எண்ணும் நகர்ந்து, குரல் கோப்புகளின் பெயரோடும் எடிட்டரின் குறிப்புகளோடும் பொருந்தாமல் போய்விடும். புது வரிசை வந்தால் 14அ, 14ஆ என்று கொடுக்கலாம். ஒரு வரிசையை நீக்கினால் எண்ணை விட்டுவைத்து எதிரே "நீக்கப்பட்டது" என்று எழுதலாம். குரல் கோப்புகளுக்கும் அதே எண்: 12.wav, 13.wav. இரண்டாம் முறை படித்தால் 13_2.wav.

பேட்டி ஒன்றுதான், ஆர்க்கைவ் எதுவும் இல்லை என்றால் ஷீட்ஸுக்கே போகாமல் டாக்ஸ் அட்டவணையிலேயே எண்ணைப் பூட்டி எடிட்டருக்கு அனுப்பிவிடுவேன். அனுப்பும் முன் ஒரு சோதனை மட்டும்: ஒலிப் பத்தியை மறைத்துக்கொண்டு காட்சிப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படிப்பேன். எந்தப் பாலம், எந்த ஆண்டு, எந்த இடம் என்பதில் எங்காவது சந்தேகம் எழுந்தால் அந்த வரிசையை இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம்.